ஒரு வரி நழுவினால் ஒரு மூட்டை யூரியா

ஸ்கேன் செய்த அட்டவணைகளைச் சாட்பாட்கள் எங்கே தவறவிடுகின்றன? சரியாகப் படிக்கவைப்பது எப்படி?

புரட்டாசி மாதம். பெரியாறு பிரதான கால்வாயில் திறந்துவிட்ட தண்ணீர் மேலூர் பக்கத்து மடைகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. நடவு முடிந்த வயலின் வரப்பில் நின்றபடி ஒரு விவசாயி செல்போனை வாயருகே வைத்துக் கேட்கிறார்: “வெள்ளப் பொன்னி நட்டிருக்கேன். தழைச்சத்து எம்புட்டுப் போடணும்?” சில நொடிகளில் பதில் வருகிறது: ஹெக்டேருக்கு 120 கிலோ. கீழே ஆவணத்தின் பெயரும் பக்க எண்ணும் இருக்கின்றன.

இந்தக் காட்சி கற்பனை. அட்டவணை நிஜம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் உற்பத்திக் கையேட்டில் நெல்லுக்கான பொதுப் பரிந்துரையைப் புரட்டினால் 120 என்ற எண் அங்கே இருக்கிறது. ஆனால் அது வெள்ளைப் பொன்னிக்கு உரியதல்ல. பக்கத்தையும் சரியாக எடுத்து, எண்ணையும் பிழையில்லாமல் படித்து, அதன் பிறகும் ஒரு சாட்பாட் தவறான விடை சொல்ல முடியும். அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் அதைத் தடுக்கும் வழியும் புரியும்.

‘பிற பகுதிகள்’ இரண்டு முறை வருகிறது

மண் பரிசோதனை செய்யாதபோது பின்பற்ற வேண்டிய அந்த அட்டவணையில் ‘குறுகிய கால ரகங்கள்’ என்று ஒரு தலைப்பு உண்டு. அதன் கீழே இரண்டு வரிகள். காவிரி டெல்டா மற்றும் கோவைப் பகுதிக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 150, 50, 50 கிலோ. பிற பகுதிகளுக்கு 120, 40, 40. இன்னும் சில வரிகள் தள்ளி ‘குறைந்த தழைச்சத்தே போதுமான ரகங்கள்’ என்ற தலைப்பு வருகிறது. மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி அதில்தான் இருக்கிறது. அங்கும் அதே இரண்டு வரிகள்: டெல்டா, கோவைக்கு 100, 50, 50. பிற பகுதிகளுக்கு 75, 50, 50. எல்லாமே ஹெக்டேர் கணக்கு.

மதுரை மாவட்டம் ‘பிற பகுதிகள்’ வரியில் வருகிறது. அந்த வரியோ அட்டவணையில் இரண்டு இடத்தில் இருக்கிறது. மனிதக் கண் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குவதால் குழம்புவதில்லை. எழுத்துணரி மென்பொருள் அதே பக்கத்தை இடமிருந்து வலமாகப் படித்துவிட்டுப் போகும்போது கிடைப்பது இதுதான்:

```
குறுகிய கால ரகங்கள்
காவிரி டெல்டா, கோவை 150 50 50
பிற பகுதிகள் 120 40 40
...
பிற பகுதிகள் 75 50 50
```

சாட்பாட் முழுக் கையேட்டையும் ஒவ்வொரு கேள்விக்கும் படிப்பதில்லை. ஆவணம் முன்கூட்டியே சிறு துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். வெட்டு எங்கே விழும் என்பது பெரும்பாலும் எழுத்துகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தலைப்பு ஒரு துண்டிலும் ‘பிற பகுதிகள்’ அடுத்த துண்டிலும் விழுந்துவிட்டால், கடைசி வரி எந்த ரகத்துக்கு உரியது என்று சொல்ல அந்தத் துண்டில் எதுவுமே மிச்சமில்லை. 120, 75 இரண்டில் ஒன்று விடையாக வரும்.

வயலில் இதன் விலை என்ன? யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. முழுத் தழைச்சத்தையும் யூரியாவாகவே கொடுப்பதாக வைத்துக்கொண்டால், 75 கிலோவுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 66 கிலோ யூரியா வேண்டும். 120 கிலோ என்றால் 106 கிலோ. ஏக்கருக்கு 40 கிலோ கூடுதல். இன்று யூரியா 45 கிலோ மூட்டையில் வருகிறது என்பதால், ஏறத்தாழ ஒரு மூட்டை. பணம் போனதோடு இது முடியாது. வெள்ளைப் பொன்னி உயரமாக வளரும் ரகம். தழைச்சத்து மிஞ்சினால் கதிர் முற்றும் நேரத்தில் பயிர் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் தழைத்த பயிரைத்தான் தேடி வரும்.

அதே 120 கிலோ விடை வேறொருவருக்குச் சரியான விடை என்பதையும் சொல்ல வேண்டும். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனப் பகுதியில், வாடிப்பட்டிப் பக்கம் முதல் போகத்துக்குக் குறுகிய கால ரகம் போட்டவருக்கு 120தான் பரிந்துரை. மேலூர் ஒருபோகப் பகுதியில் வெள்ளைப் பொன்னி போட்டவருக்கு 75. ஒரே மாவட்டம், ஒரே கால்வாய், ஒரே அட்டவணை.

இதைவிடப் பெரிய சேதம் ‘கிலோ/ஹெக்டேர்’ என்ற சொல் நழுவும்போது நேர்கிறது. அலகு பெரும்பாலும் அட்டவணையின் தலையில் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கும். நம் ஊரில் யாரும் ஹெக்டேரில் பேசுவதில்லை. அலகு இல்லாத 75ஐ ஏக்கர் கணக்காகப் புரிந்துகொண்டால், உரம் இரண்டரை மடங்கு ஆகிவிடுகிறது.

> பெட்டிச் செய்தி: தேடிப் படித்துச் சொல்லும் சாட்பாட்
>
> ஆவணங்களைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் எண்களின் வரிசையாக மாற்றிச் சேமிக்கிறார்கள். கேள்வி வந்ததும் அதற்கு நெருக்கமான சில துண்டுகள் மட்டும் எடுக்கப்பட்டு மொழி மாதிரியிடம் தரப்படுகின்றன. விடை அவற்றிலிருந்து எழுதப்படுகிறது. இந்த முறைக்கு இன்று வழங்கும் பெயரைத் தந்த ஆய்வுக் கட்டுரை 2020இல் வந்தது. இந்தியாவில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் ஏ.ஐ.ஃபார்பாரத் குழுவின் மொழித் தொழில்நுட்பத்தைக் கொண்டு உருவான ஜுகல்பந்தி, 2023இல் அரசுத் திட்டங்களைப் பற்றி வாட்ஸ்அப் வழியாக இந்திய மொழிகளில் பதில் சொன்னது. அதே ஆண்டு பி.எம். கிசான் திட்டத்துக்கு ‘கிசான் இ-மித்ரா’ வந்தது.

பார்க்க ஒன்றுதான், உள்ளே மூன்று

கையில் ஒரு பி.டி.எஃப். வந்ததும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இதற்குள் எழுத்து இருக்கிறதா, படம் இருக்கிறதா? திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

ஸ்கேன் செய்த தாள் என்றால் உள்ளே வெறும் படம்தான். எழுத்தைப் பிரித்தெடுக்கும் கருவி ஒன்றுமே தராது. ஆகவே இந்த வகை உடனே மாட்டிக்கொள்ளும். தொல்லை தருவது இரண்டாவது வகை. கணினியிலேயே அச்சுக் கோத்த ஆவணம், ஆனால் பழைய எழுத்துருவில். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது கோப்புக்குள் `jkpo;` என்றுதான் பதிந்திருக்கும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தந்தது. 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு முறைப்படி மாறியது. அதற்கு முன்னும், பழக்கத்தால் அதற்குப் பின்னும், அலுவலகங்களில் தட்டச்சான ஆவணங்கள் பலவும் இந்த வகை. கருவி எழுத்து இருக்கிறது என்று சொல்லும். சாட்பாட் அந்த `jkpo;` குப்பையை அப்படியே சேமித்துக்கொள்ளும். யாரும் எந்த எச்சரிக்கையும் தர மாட்டார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பிரித்தெடுத்த எழுத்துகளில் எத்தனை பங்கு தமிழ் யூனிகோடு எல்லைக்குள் விழுகின்றன என்று பக்கவாரியாக எண்ண வேண்டும்.

```python
def tamil_pangu(s):
    e = [c for c in s if not c.isspace()]
    t = sum('\u0b80' <= c <= '\u0bff' for c in e)
    return t / max(len(e), 1)
```

கண்ணுக்குத் தமிழ் நிறைந்து தெரியும் பக்கத்தில் எழுத்து கிடைத்தும் இந்தப் பங்கு பூஜ்யத்தை ஒட்டி வந்தால், அது பழைய எழுத்துரு. எந்த எழுத்துரு என்பதை `pdffonts` கட்டளை பெயர் சொல்லிக் காட்டும். பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றலாம். தெரியாவிட்டால் பக்கத்தைப் படமாக்கி எழுத்துணரியிடம் தருவதே பாதுகாப்பு.

மூன்றாவது வகை யூனிகோடிலேயே உருவான பி.டி.எஃப். இதுவாவது நம்பகமா என்றால் இல்லை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் அச்சில் மெய்க்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் மெய்க்குப் பின்னால் பதியும். சில பி.டி.எஃப்.களிலிருந்து எழுத்தை எடுக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வந்துவிடுகின்றன. அப்போது ‘கொடு’ என்ற சொல் தேடலில் ஒருபோதும் சிக்காது. தமிழில் எந்தச் சொல்லும் துணைக்குறியில் தொடங்காது. தொடங்கும் சொற்களை எண்ணிப் பார்த்தால் இந்தக் கோளாறு உடனே வெளிப்பட்டுவிடும்.

படிக்கும் முன் படத்தைப் பார்

எழுத்துணரிகளில் கட்டணமில்லாமல் பரவலாகப் பயன்படுவது டெசராக்ட். ஹியூலட் பேக்கார்டில் 1985இல் தொடங்கி, 2005இல் திறமூலமாக வெளிவந்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலையமைப்பால் வரி வரியாகப் படிக்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்துக்கு இரண்டு மொழியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

```
pdftoppm -r 300 -gray -png kaiyedu.pdf pakkam
tesseract pakkam-001.png pakkam-001 -l tam+eng --psm 6 tsv
```

300 என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. மூலப் படமே 100 புள்ளியில் ஸ்கேன் ஆகியிருந்தால் இங்கே 300 என்று எழுதுவதால் புதிதாக எதுவும் வந்துவிடாது. அந்த உண்மையை `pdfimages -list` காட்டிவிடும். தமிழில் மெய்யின் புள்ளிதான் முதலில் போகிறது. ஜெராக்ஸின் ஜெராக்ஸை ஸ்கேன் செய்த தாளில் மெய்யெழுத்துகள் உயிர்மெய்யாகிவிடும். கால் குறியும் ரகரமும் மாறும். ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் அச்சில் வேறுபாடே இல்லாததால் ‘பௌர்ணமி’யை ‘பெளர்ணமி’ என்று பதியும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு இரண்டும் வேறு. இத்தகைய மாற்று வடிவங்களைச் சேமிக்கும் முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

கட்டளையின் கடைசியில் உள்ள `tsv` முக்கியமானது. வெறும் எழுத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, அதை எழுத்துணரி எவ்வளவு நம்பிக்கையோடு படித்தது என்று 0 முதல் 100 வரை ஒரு மதிப்பும் தருகிறது. மதிப்புக் குறைந்த சொற்களைத் தனியே எடுத்து ஒரு மனிதர் பார்க்கலாம். ஆனால் மதிப்பு உயர்ந்திருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மங்கிய 3ஐ 8 என்று மிகுந்த நம்பிக்கையோடு படிப்பது எழுத்துணரிகளுக்கு வழக்கம்.

சொல்லில் பிழை, எண்ணில் பிழை

எழுத்துணரியின் தரத்தைச் சொல்லப் பொதுவாக எழுத்துப் பிழை விகிதம் பயன்படுகிறது. சில பக்கங்களை மனிதர் தட்டச்சு செய்து, எழுத்துணரி தந்ததோடு ஒப்பிட்டு, நூறு எழுத்துக்கு எத்தனை பிழை என்று கணக்கிடுவார்கள். நூற்றுக்கு ஒன்று என்றால் மகிழ்ச்சியாகிவிடுகிறார்கள். என் பார்வையில் இந்த ஒரே எண் அட்டவணைகளுக்கு ஆபத்தானது.

சொல்லில் ஒரு பிழை வந்தால் என்ன ஆகும்? ‘தழைச்சத்து’ ‘தழைசத்து’ ஆகலாம். தேடலில் அந்தத் துண்டு சற்றுப் பின்தங்கும். மோசமானால் சாட்பாட் தகவல் இல்லை என்று சொல்லும். பயனாளருக்கு விடை கிடைக்கவில்லை என்பதாவது தெரியும். எண்ணில் ஒரு பிழை வந்தால் துண்டு அதே இடத்தில் வந்து நிற்கும். தேடல் சிறப்பாக வேலை செய்யும், விடை தெளிவாக வரும். அது பொய்யாக இருக்கும். சொல்லுக்கு அக்கம்பக்கத்துச் சொற்கள் சாட்சி சொல்லும். அதனால்தான் எழுத்துணரியாலும் மொழி மாதிரியாலும் சிதைந்த சொல்லை ஊகித்துச் சரிசெய்ய முடிகிறது. 75க்கும் 15க்கும் அப்படி எந்தச் சாட்சியும் இல்லை.

எனவே எண் இருக்கும் கட்டங்களைத் தனியாக எண்ணி, அவற்றில் எத்தனை முழுதும் சரி என்று தனிக்கணக்கு வைக்க வேண்டும். நான்கு இலக்கத்தில் ஒன்று பிழை என்றாலும் அந்தக் கட்டம் தவறுதான். இந்தக் கணக்கு முதலாவதைவிடப் பெரும்பாலும் சங்கடமாக வரும். ஆனால் பயனாளருக்கு நேரவிருக்கும் தொல்லையை இதுதான் காட்டுகிறது.

> பெட்டிச் செய்தி: ஸ்கேனரே எண்ணை மாற்றிய கதை
>
> 2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தின் நகலைப் பார்த்துத் திகைத்தார். மூலத்தில் 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை, ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் கருவி தந்த நகலில் 14.13 என்று மாறியிருந்தது. எழுத்துணரி எதுவும் அங்கே ஓடவில்லை. கோப்பைச் சிறிதாக்க, ஒன்றுபோலத் தெரியும் படத்துண்டுகளை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வைத்த சுருக்க முறைதான் காரணம். மங்கலே இல்லாத, தெளிவான, தவறான எண். நிறுவனம் பின்னர் திருத்த மென்பொருள் வெளியிட்டது.

கிரீசலின் கதையில் கவனிக்க வேண்டியது, நகலின் படத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பிழை தெரியாது என்பது. பெரிய அறைக்குச் சிறிய அறையின் பரப்பளவு எழுதியிருந்ததால்தான் பிடிபட்டது. அதாவது, பொருளை அறிந்து சோதித்தால்தான் அகப்படும்.

வைகை அணை தரும் சோதனை

மதுரைக்காரர்களுக்கு நாளிதழில் அன்றாடம் கண்ணில் படும் அட்டவணை ஒன்று உண்டு. அணைகளின் நீர்மட்டம். வைகை அணை, தேக்கும் உயரம் 71 அடி. இன்றைய மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம், இருப்பு. இத்தகைய நாட்பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன் செய்து சாட்பாட்டுக்குத் தருவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் சோதனை எல்லை. வைகை மட்டம் 71ஐத் தாண்டாது. முல்லைப் பெரியாறில் 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி தேக்கும் உயரம் 142 அடி. தசமப் புள்ளி விழுந்து 65.30 என்பது 6530 ஆகியிருந்தால் இந்தச் சோதனை பிடித்துவிடும்.

ஆனால் 65.30 என்பதை 68.30 என்று படித்திருந்தால்? எல்லைக்குள்தான் இருக்கிறது. இங்கே நேற்றைய எண் உதவுகிறது. நேற்று 65.10 என்றால், ஒரே நாளில் மூன்று அடிக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். அவ்வளவு நீர் வந்ததா? அதற்கும் அட்டவணையிலேயே விடை இருக்கிறது. விநாடிக்கு ஒரு கன அடி நீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. வரத்து விநாடிக்கு 1,000 கன அடி, வெளியேற்றம் 400 என்று இருந்தால் ஒரு நாளில் சேர்வது 600 முறை 86,400. சுமார் 52 மில்லியன் கன அடி. இருப்பு நேற்றைவிடக் கிட்டத்தட்ட இவ்வளவுதான் கூடியிருக்க வேண்டும், மட்டமும் அதற்கேற்பவே ஏறியிருக்க வேண்டும். ஆவியாதலும் அளவெடுக்கும் நேரமும் காரணமாகச் சிறிது விலகும் என்பதால் கொஞ்சம் தளர்வு கொடுக்கலாம். பெரிதாக விலகினால் நான்கு எண்களில் ஒன்று தவறு. அந்த வரி மனிதர் பார்வைக்குப் போக வேண்டும்.

வைகையில் 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. 65.30 என்றால் எச்சரிக்கையே இல்லை. 68.30 என்றால் முதல் எச்சரிக்கை தாண்டி இரண்டாவது நெருங்கிவிட்டது. “அந்த வருஷம் எப்போது எச்சரிக்கை கொடுத்தார்கள்?” என்று ஆற்றோரக் கிராமத்தவர் கேட்டால், ஒரே ஓர் இலக்கம் விடையைத் தீர்மானிக்கிறது.

வைகைக் கணக்குப்போல ஒவ்வொரு அட்டவணைக்கும் அதற்கென்று ஓர் உள்கணக்கு இருக்கும். வரவு செலவுப் பட்டியலில் கூட்டுத்தொகை, மக்கள்தொகையில் ஆண் பெண் கூட்டினால் மொத்தம், நில ஆவணத்தில் உட்பிரிவுகளின் பரப்பு கூட்டினால் சர்வே எண்ணின் பரப்பு. அதை எழுதித் தர நிரல் எழுதுபவரால் முடியாது. அந்த அட்டவணையோடு பழகியவர் வேண்டும். பொதுப்பணித் துறையிலோ வேளாண் துறையிலோ ஓய்வுபெற்ற ஓர் அலுவலர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லும் விதிகள், விலையுயர்ந்த மென்பொருளைவிட அதிகப் பிழைகளைப் பிடிக்கும்.

ஒவ்வொரு வரியும் தன் கதையைத் தானே சொல்ல வேண்டும்

எண்கள் சரி என்று உறுதியான பின் நெல் அட்டவணைக்குத் திரும்பலாம். முதலில் கோடுகளை வைத்துக் கட்டங்களைப் பிரிக்க வேண்டும். பிரித்த பின்பே ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக எழுத்துணரியிடம் தர வேண்டும். முழுப் பக்கத்தையும் தந்தால் நெடுங்கோடு 1 என்று படிக்கப்பட்டு, 50 என்பது 150 ஆகிவிடும் வாய்ப்பு உண்டு. இணைந்த கட்டத்தில் இருக்கும் ரகத் தலைப்பை அதன் கீழுள்ள எல்லா வரிகளுக்கும் நிரப்ப வேண்டும். அலகையும் அப்படியே. பிறகு ஒவ்வொரு வரியையும் தனித் துண்டாக இப்படி எழுதிச் சேமிக்கலாம்:

```
பயிர்: நெல்
ரகப் பிரிவு: குறைந்த தழைச்சத்தே போதுமான ரகங்கள்,
  மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி போன்றவை
பகுதி: காவிரி டெல்டா, கோவை தவிர்த்த பிற பகுதிகள்
தழை 75, மணி 50, சாம்பல் 50 (கிலோ/ஹெக்டேர்)
```

‘பிற பகுதிகள்’ என்றால் எவை தவிர்த்து என்பதும் வரிக்குள்ளேயே வந்துவிட்டதைக் கவனிக்கலாம். இனி எங்கே வெட்டினாலும் வரி அநாதையாகாது. அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தொடரும் இடங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே தலைப்பு மீண்டும் அச்சாகியிருக்காது. முந்தைய பக்கத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். அடிக்குறிப்பில் உள்ள நட்சத்திரக் குறியும் தன் வரியோடு சேர வேண்டும். விதிவிலக்குகள் பெரும்பாலும் அந்த நட்சத்திரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

துண்டோடு பக்க எண்ணும், அந்தக் கட்டம் பக்கத்தில் இருக்கும் இடமும் சேமிக்கப்பட்டிருந்தால், விடையோடு அட்டவணையின் அந்தப் பகுதிப் படத்தையே பயனாளருக்குக் காட்டலாம். வெறும் பக்க எண்ணைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். உரக்கடைக்குப் போகும் வழியில் 300 பக்கக் கையேட்டைத் திறந்து யாரும் சரிபார்க்கப் போவதில்லை. நான்கு வரிப் படம் என்றால் பார்த்துவிடுவார்கள்.

எழுத்துணரிக்கு எட்டாதவை

கிராம நிர்வாக அலுவலரின் பழைய கையெழுத்துக் கணக்குகளை இந்த வழியில் கொண்டுவர முடியாது. டெசராக்ட் அச்செழுத்துக்காகப் பழக்கப்பட்டது. அவற்றில் தமிழ் எண்கள் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ௧ ககரத்தையும், ௭ எகரத்தையும், ௮ அகரத்தையும் ஒத்திருப்பதால், அச்சில்கூட எண்ணையும் எழுத்தையும் பிரித்தறிவது கடினம். எண் மட்டுமே வர வேண்டிய பத்தியில் எழுத்து வந்தால் எண்ணாக மாற்று என்று விதி எழுதலாம். அச்சான நூல்களுக்கு அது ஓரளவு போதும்.

கையெழுத்துக்குப் பழைய வழியே நம்பகமானது. ஒருவர் தட்டச்சு செய்கிறார். அதைப் பார்க்காமல் இன்னொருவர் அதே பக்கத்தைத் தட்டச்சு செய்கிறார். இரண்டும் ஒத்துப்போன கட்டங்கள் உள்ளே போகும். வேறுபட்டவற்றை மூன்றாமவர் மூலத்தோடு வைத்துத் தீர்க்கிறார். எவராலும் படிக்க முடியாத கட்டத்தில் ‘படிக்க இயலவில்லை’ என்று எழுதிச் சேமிக்கிறார்கள். அந்தக் கட்டத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் சாட்பாட் அதையே சொல்லி, பக்கத்தின் படத்தைத் தருகிறது.